பிரைமரி டெக்ஸ்ட் 125 எழுத்துக்குள் இருந்தும் போனில் வெட்டுப்படுவது ஏன்?

ஊசிமுனை | ஜூன் 4, காலை

ஈரோட்டில் ஆரி எம்பிராய்டரி வகுப்பு நடத்துகிறேன். ஜூலைத் தொகுதிக்கு ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்திருக்கிறேன். பிரைமரி டெக்ஸ்ட் 125 எழுத்துக்குள் இருந்தால் முழுவதும் தெரியும் என்று படித்திருந்ததால், முக்கியமான பகுதியை அந்த அளவுக்குள் வைத்துவிட்டதாக எண்ணினேன். கணினியில் முன்னோட்டம் சரியாகவே இருந்தது. என் போனில் பார்த்தால் பாதியிலேயே "சீ மோர்" வந்து நிற்கிறது. எழுதியது இதுதான்:

"வணக்கம் தோழிகளே! ஈரோட்டில் பத்து ஆண்டுகளாகப் பெண்களின் நம்பிக்கையைப் பெற்று விளங்கும் எங்கள் பயிற்சி நிலையம், உங்கள் கனவுகளை நனவாக்க மகிழ்ச்சியுடன் அழைக்கிறது."

இதற்குக் கீழே ஒரு வரி இடைவெளி விட்டு, ஜூலை 7 தொடக்கம், 15 நாள், மதியம் 2 முதல் 4 மணி வரை, கட்டணம் ரூ.3,500 என்று ஒவ்வொன்றையும் தனி வரியில் கொடுத்திருக்கிறேன். போனில் தெரிவது "எங்கள்" என்ற சொல் வரைதான். எதனால்?

குறுங்கணை | ஜூன் 4, காலை

எழுத்து அதிகமாக இருப்பதுதான் காரணம். 125ஐத் தாண்டினால் வெட்டுவதோடு நிற்காமல், விளம்பரத்தைக் குறைவான பேருக்கே காட்டுவார்கள். 20 சதவீத விதி என்று ஒன்று உண்டு. ஒரே வரியில் எழுதுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மெய்ப்பு | ஜூன் 4, மதியம்

அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன் என்பதால் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "கனவுகளை" என்ற சொல் முடிய, இடைவெளிகளையும் குறிகளையும் சேர்த்து நாம் எண்ணினால் 80 வருகிறது. கணினி அதே பகுதியை 124 என்று எண்ணுகிறது. "க்" நமக்கு ஓர் எழுத்து. கணினிக்குக் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. "ளை" என்பதும் அப்படியே. உயிரெழுத்தும் ஆய்தமும் அகரமேறிய மெய்யும் மட்டுமே இரு கணக்கிலும் ஒன்றாக நிற்கும். நம்ப முடியாதவர்கள் பைத்தானில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 4 என்று வரும்.

```
len("ஸ்ரீ")
```

பைத்தான் இல்லாதவர்களுக்கு எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் இருக்கும் `=LEN(A1)` போதும்.

ஆகவே 125 என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டால்கூட, உங்கள் விளம்பரம் "உங்கள் கனவுகளை" என்பதோடு நின்றுவிடும். நனவாக்குவது மறைவுக்குப் பின்னால்தான் நடக்கும்.

நடைமேடை | ஜூன் 4, இரவு

கோவையில் சிறு கடைகளுக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்கிறேன். மெய்ப்பு சொன்ன கணக்கு சரியானது. ஆனால் போனில் வெட்டு விழும் இடத்தை அது தீர்மானிப்பதில்லை. "எங்கள்" என்ற சொல் வரை அவருடைய கணக்கின்படியே 92தான் ஆகிறது. 125க்கு இன்னும் 33 மிச்சமிருக்கும்போதே வெட்டு விழுந்துவிட்டது.

125 என்பது மெட்டா தன் வழிகாட்டிக் குறிப்புகளில் நெடுங்காலம் கொடுத்துவந்த பரிந்துரை. இப்போது சில இடங்களுக்கு 50 முதல் 150 வரை என்று கொடுத்திருக்கிறார்கள். போனில் ஃபேஸ்புக் ஃபீடு பார்ப்பது வரிகளைத்தான். முன்பு விளம்பர உரையில் ஏழு வரிகள் வரை தெரிந்தன. 2019 ஆகஸ்ட் 19 முதல் அதை மூன்று வரிகளாகச் சுருக்கினார்கள். அப்போதே படத்தின் உயரத்துக்கும் 4:5 என்று வரம்பு வைத்தார்கள்.

மூன்று வரிகளில் எவ்வளவு அடங்கும் என்பது மொழியையும் போனையும் பொறுத்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு 125 என்ற எண் ஏறக்குறைய அந்த மூன்று வரிகளோடு ஒத்துப்போகும். தமிழில் ண, ழ, ணை போன்றவை அகலமானவை என்பதோடு, சொற்களும் நீளமானவை. ஒரு நீண்ட சொல்லுக்கு வரியின் கடைசியில் இடம் போதாவிட்டால் அது முழுவதும் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். முந்தைய வரியின் வால் வெறுமையாகக் கிடக்கும். உங்கள் உரை போனில் இப்படித்தான் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன்:

வணக்கம் தோழிகளே! ஈரோட்டில் பத்து
ஆண்டுகளாகப் பெண்களின் நம்பிக்கையைப்
பெற்று விளங்கும் எங்கள்… சீ மோர்

மூன்றாவது வரியின் கடைசிப் பகுதியை "சீ மோர்" எடுத்துக்கொள்கிறது. ஆக உங்களுக்குக் கிடைத்தவை பத்துச் சொற்கள். அவற்றில் ஆரி என்ற சொல் இல்லை. வகுப்பு என்ற சொல்லும் இல்லை.

நடைமேடை | ஜூன் 4, இரவு, சற்றுப் பின்

குறுங்கணைக்கு: 20 சதவீத விதி என்பது படத்தின் மீது எழுதப்பட்ட எழுத்துக்கானது, பிரைமரி டெக்ஸ்ட்டுக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததே இல்லை. 2020 செப்டம்பரில் அந்த விதியையும் கைவிட்டுவிட்டார்கள். உரை 125ஐத் தாண்டியது என்பதற்காக விளம்பரம் நிறுத்தப்படுவதில்லை. எஞ்சிய பகுதி மறைகிறது, அவ்வளவே. மூன்று வரிகளுக்குள் முக்கியமானது வந்துவிட்டால், அதற்குப் பின்னால் பத்து வரிகள் எழுதினாலும் தவறில்லை. ரூ.3,500 கட்டப்போகிற ஒருவர் விவரம் தேடுவார். அவர் விரித்துப் படிப்பார். என் வாடிக்கையாளர்களில் விலை கூடிய பொருள் விற்பவர்களுக்கு நான் இன்றும் நீளமாகத்தான் எழுதுகிறேன்.

குறுங்கணை | ஜூன் 5, காலை

விதி போய்விட்டது என்பதை ஏற்கிறேன். ஆனால் சுருக்கமாக எழுதுவதே நல்லது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. விரித்துப் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

செக்கடி | ஜூன் 5, காலை

நான் மரச்செக்கு எண்ணெய் விற்கிறேன். எனக்கும் இதே வெட்டுத் தொல்லைதான். ஸ்டோரியில் போடும் படத்தில் கீழே எழுதியிருக்கும் தொலைபேசி எண் பாதி மறைந்துவிடுகிறது. வரிகளைக் குறைத்தால் சரியாகுமா?

நடைமேடை | ஜூன் 5, மதியம்

செக்கடி அண்ணா, உங்களுடையது வேறு. அது உரை வெட்டுப்படுவதன்று. ஸ்டோரியின் மேற்புறத்தில் கணக்கின் பெயரும் கீழ்ப்புறத்தில் பொத்தானும் வந்து படத்தை மறைக்கின்றன. மேலே 14 சதவீதமும் கீழே 20 சதவீதமும் எழுத்தில்லாமல் விடுங்கள். 1920 பிக்சல் உயரமுள்ள படத்தில் மேலே ஏறக்குறைய 270, கீழே ஏறக்குறைய 385. எண்ணை நடுப்பகுதிக்கு ஏற்றினால் போதும்.

செக்கடி | ஜூன் 5, மாலை

ஏற்றிவிட்டேன் தம்பி, இப்போது தெரிகிறது. உரைக்கும் நீங்கள் சொல்வதைப் பின்பற்றலாம் என்று பார்க்கிறேன். முதல் வரியிலேயே "மூட்டு வலியால் அவதிப்படுகிறீர்களா?" என்று தொடங்கினால் கை தானாக நிற்கும் அல்லவா? முக்கியமானதை முன்னால் வைப்பது என்றால் அதுதானே?

நடைமேடை | ஜூன் 5, இரவு

வேண்டாம் அண்ணா. பார்ப்பவருக்கு ஒரு நோய் இருக்கிறது என்பதுபோல எழுதுவதை மெட்டாவின் விளம்பர விதிகள் அனுமதிப்பதில்லை. நோய், மதம், வயது, பணநிலை ஆகியவற்றை "நீங்கள் இப்படிப்பட்டவர்" என்று சுட்டும் எந்த வரியும் அந்த விதிக்குள் வரும். அதைக் கேள்வியாக மாற்றினாலும் தப்பாது. எண்ணெய் மூட்டு வலியைத் தீர்க்கும் என்று பொருள்படுவது இன்னொரு தனிச் சிக்கல். உங்களிடம் முன்னால் வைக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது: எந்த எள், எந்த வாரம் ஆட்டியது, லிட்டர் என்ன விலை.

ஊசிமுனை | ஜூன் 6, காலை

மூன்று வரிகள் என்பது புரிகிறது. நீங்கள் உடைத்துக் காட்டியபடியேதான் என் போனிலும் இருக்கிறது. என் அம்மாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பதால் "நம்பிக்கையைப்" என்பதே மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. ஆனால் வணக்கம் சொல்லாமல் எப்படித் தொடங்குவது? மரியாதையில்லாமல் தோன்றாதா? அடுத்து, எதை முக்கியச் செய்தி என்று எடுத்துக்கொள்வது என்பதிலும் குழப்பம். எனக்கு எல்லாமே முக்கியமாகத்தான் தெரிகிறது.

நடைமேடை | ஜூன் 6, மதியம்

வணக்கத்தை விரித்த பிறகு வரும் பகுதியில் வையுங்கள். உள்ளே வந்தவரை வரவேற்றதாக இருக்கும். கடைப் பலகையில் யாரும் வணக்கம் எழுதுவதில்லை. அதனால் கடைக்காரரை மரியாதையற்றவர் என்று எவரும் சொன்னதில்லை.

எது முக்கியம் என்பதை நாமே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியதில்லை. சென்ற தொகுதிக்கு விளம்பரம் கொடுத்தபோது வந்த வாட்ஸ்அப் செய்திகளைத் திறந்து, ஒவ்வொருவரும் முதலில் கேட்ட கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அதில் அதிகமாக எது வருகிறதோ, அது உங்கள் விளம்பரத்தில் இல்லாமலோ மறைந்தோ இருந்திருக்கிறது. புதிய வாடிக்கையாளர் யார் வந்தாலும் நான் முதலில் கேட்டு வாங்குவது இந்தப் பட்டியலைத்தான்.

ஊசிமுனை | ஜூன் 8, இரவு

எழுதிப் பார்த்தேன். பெரும்பாலோர் கேட்டது "கட்டணம் எவ்வளவு" என்பதுதான். அடுத்தது "ஈரோட்டில் எங்கே". மூன்றாவதாக, நான் எதிர்பாராத ஒன்று: "தையல் தெரியாவிட்டாலும் சேரலாமா?" பத்து ஆண்டுகளாக நடத்துகிறோமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நம்பிக்கையைப் பெற்று விளங்குவது குறித்தும் எவரும் விசாரிக்கவில்லை.

இப்போது இரண்டு வரைவுகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது: "ஈரோட்டில் ஆரி பயிற்சி, 15 நாள், கட்டணம் ரூ.3,500."

இரண்டாவது: "உங்கள் ரவிக்கைக்கு நீங்களே ஆரி வேலை செய்யலாம். ஈரோட்டில் மதிய வகுப்பு, 15 நாள்."

முதலாவதைப் பார்த்துவிட்டு என் தங்கை, விலையைக் கண்டதும் ஓடிவிடுவார்கள் என்கிறாள். அவள் சொல்வதிலும் உண்மை இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது.

மெய்ப்பு | ஜூன் 9, காலை

முதலாவது 49, இரண்டாவது 78. இரண்டும் கணினிக் கணக்கு. "ஆரிப் பயிற்சி" என்று ஒற்று வர வேண்டும். அதனால் முதலாவது 51 ஆகும். இலக்கணத்துக்கு இரண்டு இடம் கொடுப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை இருக்காது என நம்புகிறேன்.

குறுங்கணை | ஜூன் 9, காலை

விலையே வேண்டாம். "இலவச ஆரிப் பயிற்சி" என்று முதல் வரியில் போட்டு, பொருள்களுக்கு மட்டும் கட்டணம் என்று கீழே கொடுத்தால் கூட்டம் வந்து குவியும். கீழே எழுதிவிட்டதால் பொய் சொன்னதாகவும் ஆகாது.

நடைமேடை | ஜூன் 9, மதியம்

இதைச் செய்யாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்கள், விளம்பரத்துக்குப் பதில் அளிக்கவும் பொருளைப் பெற்றுக்கொள்ளவும் ஆகிற தவிர்க்க முடியாத செலவைத் தாண்டி எதையேனும் கட்டச் சொன்னால் அதை இலவசம் என்று அழைக்கக் கூடாது என்கின்றன. பொறுப்புத் துறப்பு வாசகம் முக்கியமான தகவலை மறைக்கும் வகையில் அமையக் கூடாது என்றும், உரிமைகோரல் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்றும் அவற்றில் இருக்கிறது. தமிழில் சலுகையைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை போடும் பழக்கமுள்ளவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்ஃப்ளூயன்சர்களுக்கு விளம்பரத் தர நிர்ணயக் குழுமமான ஆஸ்கி 2021இல் வெளியிட்ட நெறிமுறை இன்னும் நேரடியானது. இது விளம்பரம் என்ற அறிவிப்பு, "மோர்" என்பதைத் தொட்டால்தான் தெரியும் இடத்தில் இருந்தால், அது கண்ணில் படாமல் போகக்கூடியது என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது வெட்டுக்குக் கீழே இருப்பதை வாசகர் படித்திருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஊசிமுனை அவர்களே, இதனால் உங்களிடமும் ஒரு கேள்வி எழுகிறது. ரூ.3,500இல் சட்டகம், ஊசி, நூல், மணி எல்லாம் அடங்குமா?

ஊசிமுனை | ஜூன் 9, மாலை

அடங்காது. அவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய விளம்பரத்தில் கடைசி வரிக்கு முந்தைய வரியில் அது இருந்தது.

நடைமேடை | ஜூன் 9, இரவு

அப்படியானால் விலை எங்கே நிற்கிறதோ அதன் பக்கத்திலேயே அதுவும் நிற்க வேண்டும்: "ஈரோட்டில் ஆரிப் பயிற்சி, 15 நாள், கட்டணம் ரூ.3,500, பொருள்கள் தனி." பெரும்பாலான போன்களில் இது இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று வரி. இடம் மிச்சமிருந்தால் "தையல் தெரியாதவர்களும் சேரலாம்" என்பதை அடுத்து வையுங்கள். வெட்டுப்பட்டாலும் இழப்பு சிறிது. நான் எழுதும்போது எதை இழந்தால் பரவாயில்லை என்ற வரிசையில்தான் வாக்கியங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறேன்.

அந்த ஒரு வரி இடைவெளியையும் எடுத்துவிடுங்கள். வெற்று வரியும் மூன்றில் ஒன்றாகத்தான் எண்ணப்படும். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் பச்சை நிற டிக் குறி போட்டுத் தனித்தனி வரியாக அடுக்குவது கணினியில் அழகாகத் தெரியும். போனில் மூன்று டிக் குறிகளோடு உங்கள் பங்கு தீர்ந்துவிடும்.

நடைமேடை | ஜூன் 10, காலை

இன்ஸ்டாகிராமை நேற்று விட்டுவிட்டேன். ஃபேஸ்புக் ஃபீடில் உரை படத்துக்கு மேலே வருகிறது. இன்ஸ்டாகிராம் ஃபீடில் படத்துக்குக் கீழே, கணக்கின் பெயரை ஒட்டித் தொடங்குகிறது. அதனால் அங்கே முதல் வரியின் ஒரு பகுதியைப் பெயரே எடுத்துக்கொள்ளும். உங்கள் நிலையத்தின் பெயர் நீளமாக இருந்தால் தெரிவது இன்னும் குறையும். "கீழே உள்ள படத்தைப் பாருங்கள்" என்று தொடங்கும் விளம்பரங்கள் இன்ஸ்டாகிராமில் படம் இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆட்ஸ் மேனேஜரில் ஒவ்வோர் இடத்துக்கும் உரையைத் தனியாக மாற்ற வழியிருக்கிறது. ஆனால் சிறு விளம்பரத்துக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. முதல் நான்கைந்து சொற்களிலேயே என்ன, எங்கே என்பது முடிந்துவிட்டால் எல்லா இடத்துக்கும் அதுவே போதும்.

முன்னோட்டத்தைக் கணினியில் பார்த்து நம்ப வேண்டாம். போனுக்கு அனுப்பிப் பாருங்கள். உங்கள் அம்மாவின் போன் இதற்கு மிகவும் பொருத்தமானது.

செக்கடி | ஜூன் 10, மதியம்

ஐந்து விதமாக உரை எழுதிக் கொடுத்தால் அதுவே நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்கிறார்களே, அப்படியிருக்க இவ்வளவு யோசிப்பது எதற்கு?

நடைமேடை | ஜூன் 10, இரவு

ஐந்து வரை கொடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஐந்தும் "வணக்கம்" என்று தொடங்கினால் அது எதைத் தேர்ந்தெடுத்தாலும் வணக்கம்தான் தெரியும். மேலும், உரையை மேம்படுத்தும் அமைப்பை இயக்கத்தில் விட்டால் பிரைமரி டெக்ஸ்ட்டுக்குக் கொடுத்த வாசகம் ஹெட்லைன் இருக்கும் இடத்துக்கும் போகக்கூடும். அதனால் ஒரு செய்தியைப் பாதி உரையிலும் மீதி ஹெட்லைனிலும் பிரித்து வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும்.

ஊசிமுனை | ஜூன் 11, காலை

இரண்டு வரைவுகளையும் ஏ/பி சோதனையாகப் போட்டிருக்கிறேன். படம், ஹெட்லைன், விரித்த பின் வரும் பகுதி எல்லாம் ஒன்றே. முதல் மூன்று வரிகள் மட்டும் வேறு.

நடைமேடை | ஜூன் 11, மதியம்

நல்லது. "கிளிக்ஸ் (ஆல்)" என்ற எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விருப்பக்குறி இட்டவர், பக்கத்தின் பெயரைத் தொட்டவர் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள். ஓர் உரையாடல் தொடங்க எவ்வளவு செலவாகிறது என்பதைப் பாருங்கள். அதைவிட மேலானது, சேர்ந்தவர் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று நீங்களே குறித்து வைப்பது.

ஊசிமுனை | ஜூன் 24, இரவு

சோதனை முடிந்தது. ரவிக்கை வரைவுக்கு விசாரணைகள் அதிகம் வந்தன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி "கட்டணம் எவ்வளவு" என்ற ஒரே கேள்வி. சொன்னதும் பலர் பதில் எழுதவில்லை. விலை வரைவுக்கு விசாரணை குறைவு. வந்தவர்கள் நேராகத் தேதியையும் முகவரியையும் கேட்டார்கள். சேர்ந்தவர்கள் எண்ணிக்கையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விலை வரைவில் சற்றே கூடுதல். தினமும் மாலையில் ஒரே பதிலைத் தட்டச்சு செய்யும் வேலை குறைந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குறுங்கணை | ஜூன் 24, இரவு

ஆக, சுருக்கமானதுதான் வென்றிருக்கிறது.

மெய்ப்பு | ஜூன் 25, காலை

இரண்டிலும் விரித்த பின் வரும் பகுதி ஒரே நீளம் என்று அவர் எழுதியிருப்பதை மெய்ப்புப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

நடைமேடை | ஜூன் 25, மதியம்

இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து எது வென்றது என்று சொல்ல மாட்டேன். சேர்ந்தவர்களில் இரண்டு மூன்று பேர் இடம் மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும். விசாரணைகளின் தன்மை வேறுபட்டது என்பதை மட்டும் நம்பலாம். முன்னால் வைத்த தகவலைக் குறித்து மறுபடி யாரும் கேட்கவில்லை.

எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. ரவிக்கை வரைவில் விசாரித்துவிட்டு விலகியவர்கள் எல்லாரும் வீண் என்று கொள்ள முடியாது. ஆவணியில் முகூர்த்தங்கள் நெருங்கும்போது அவர்களில் சிலர் திரும்பி வரக்கூடும். புதிய நிலையமாக இருந்தால் அந்த வரைவையே நான் தேர்ந்திருப்பேன். நீங்கள் நாளுக்கு ஒரு வகுப்புதான் எடுக்கிறீர்கள், இடமும் குறைவு. எனவே விலையை முன்னால் வைப்பது உங்களுக்குப் பொருந்துகிறது.

ஊசிமுனை | ஜூன் 26, காலை

அடுத்த தொகுதிக்கு "தையல் தெரியாதவர்களும் சேரலாம்" என்பதை முதல் வரிக்கு ஏற்றி, விலையை இரண்டாவது வரியில் வைத்துப் பார்க்கப் போகிறேன். தங்கை இப்போது விலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. படத்தில் இருக்கும் ரவிக்கையின் நிறம்தான் சரியில்லை என்கிறாள்.